கூட்டிப் போட முடியாத செலவு விதி: முதல்முறை எழுதுபவர்களுக்கு

சின்ன நிறுவனங்களில் செலவு கிளைம் விதி பெரும்பாலும் ஏதாவது ஒரு திருட்டு பிடிபட்ட மறுநாள்தான் எழுதப்படும். ஒருவர் ஆன செலவைவிட அதிகமாகப் பில்லைக் கூட்டிப் போட்டிருப்பார். அதற்காக மற்ற எல்லோரும் தேநீருக்குக்கூட ரசீது ஒட்ட வேண்டும் என்று உத்தரவு வரும். கூட்டிப் போட்டவருக்கு ரசீது தயார் செய்வது பெரிய வேலையே இல்லை. கஷ்டப்படுவது மற்றவர்கள்தான். அந்த வரிசையை மாற்றிக் காட்டுவதுதான் இந்தப் பதிவு. அலுவலகப் பயணச் செலவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கூட்டிப் போடுவது அதிகம் நடப்பது அங்கேதான்.

படி 1: விதி எழுதும் முன் பழைய கிளைம்களை எண்ணிப் பாருங்கள்

கடந்த ஆறு மாதக் கிளைம்களை ஒரு எக்செல் தாளில் போடுங்கள். A-வில் தேதி, B-யில் பெயர், C-யில் தொகை, D-யில் வகை. இப்போதைய விதிப்படி 500-க்குக் கீழ் ரசீது வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரம்பை ஒட்டி இரண்டு பக்கமும் எத்தனை டாக்சி கிளைம்கள் என்று எண்ணுங்கள்:

```
=COUNTIFS(D:D,"டாக்சி",C:C,">=400",C:C,"<450")
=COUNTIFS(D:D,"டாக்சி",C:C,">=450",C:C,"<500")
=COUNTIFS(D:D,"டாக்சி",C:C,">=500",C:C,"<550")
```

முதல் எண்ணிக்கை 19, இரண்டாவது 61, மூன்றாவது 9 என்று வந்தால் கவனிக்க வேண்டியதுதான். டாக்சிக் கட்டணத்துக்கு உங்கள் விதி தெரியாது. வரம்புக்குச் சற்றுக் கீழே குவிந்து, தாண்டியதும் சட்டென்று குறைந்தால், அந்தக் குவியலை உண்டாக்கியது பெரும்பாலும் விதிதான். ஒரே ஒரு விதிவிலக்கு: எல்லோரும் அடிக்கடி போய்வரும் ஏதாவது ஒரு தடத்தின் நிஜக் கட்டணமே 470 ஆக இருக்கலாம். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். 61 கிளைமும் திருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குவியலுக்குள் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். 300 செலவழித்து 490 எழுதியவர் ஒருவர். 560 செலவழித்து, ரசீதைத் தொலைத்து, வம்பு வேண்டாம் என்று 495 எழுதியவர் இன்னொருவர். இவர் கைக்காசை இழந்திருக்கிறார். மூன்றாமவர் சாமான் தூக்கியவருக்குக் கொடுத்ததையும், வெளியூரில் போட்ட டேட்டா ரீசார்ஜையும் கேட்க விதியில் இடமில்லாததால் டாக்சியில் சேர்த்தவர். தாளில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். இவர்களில் இருவரை உருவாக்கியது உங்கள் விதி. அதனால் இந்த எண்ணிக்கையை வைத்து யாரையும் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். விதியைத் திருத்த மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 2: செலவை மூன்றாகப் பிரியுங்கள்

பெரிய செலவுகளான பயணச்சீட்டையும் தங்கும் விடுதியையும் நிறுவனமே நேரடியாகக் கட்டிவிடட்டும். ஊழியர் கையில் பணமே புரளாவிட்டால் கூட்டிப் போட எதுவும் இல்லை.

சாப்பாடு, தேநீர், தண்ணீர், சில்லறைச் செலவு எல்லாவற்றுக்கும் நாளுக்கு இவ்வளவு என்று தினப்படி கொடுங்கள். ரசீது கேட்காதீர்கள். மிச்சம் பிடித்தால் அது அவருடையது என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். எளிமையாகச் சாப்பிட்டு மிச்சம் பிடிப்பது ஏமாற்று ஆகாது. ஆனால் தொகை நிஜ விலைக்குப் பொருந்த வேண்டும். குறைவாக வைத்தால் பற்றாக்குறை மறுபடி டாக்சிக் கணக்கில்தான் வந்து உட்காரும். தினப்படியில் ஏமாற்ற இருக்கும் ஒரே வழி நாட்களைக் கூட்டுவது. பயணச்சீட்டுத் தேதி உங்களிடமே இருப்பதால் அதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். தினப்படிக்கு வரி உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும். கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மீதமிருப்பது டாக்சி, அவசரச் செலவு போன்றவை. இவற்றுக்கு மட்டும் ஆன செலவை ரசீதோடு கொடுப்பது என்று வையுங்கள்.

படி 3: தொலைந்த ரசீதுக்கு ஒரு நேர்வழி

இது இல்லாத விதிதான் நேர்மையான ஆளைப் பொய் சொல்ல வைக்கிறது. ஒரு சின்னப் படிவம் போதும்: எந்தத் தேதி, எங்கிருந்து எங்கே, எவ்வளவு, யாரைப் பார்க்க. வாசகத்தை இப்படி வையுங்கள்: "ரசீது கிடைக்கவில்லை / தொலைந்துவிட்டது. செலவான தொகை ____." ‘பொய்யெனத் தெரிந்தால் பணிநீக்கம்’ என்ற வரியை இந்தப் படிவத்தில் போடாதீர்கள். அது பொது விதியில் ஓரிடத்தில் இருந்தால் போதும். காலாண்டுக்கு மூன்று முறைக்கு மேல் போனால் மேலாளர் காரணம் கேட்பார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படிவத்தின் மேலே "உண்மையே சொல்வேன்" என்று கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது 2012-இல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையிலிருந்து பரவியது. பின்னால் அதன் தரவே புனையப்பட்டது என்று தெரியவந்து, 2021-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த வரியை விட்டுவிடலாம்.

படி 4: சோதனை எல்லோருக்கும், குலுக்கல் முறையில்

மாதக் கிளைம்களில் பத்தில் ஒன்றைக் குலுக்கலில் எடுங்கள். தாளில் ஒரு காலி நெடுவரிசையில் `=RAND()` போட்டு, அதை மதிப்பாக ஒட்டி, வரிசைப்படுத்தி, மேலே வருவதை எடுத்தால் ஆயிற்று. முதலாளியின் கிளைமும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். ‘என்னை ஏன் பார்க்கிறீர்கள்’ என்ற கேள்விக்கு ‘குலுக்கலில் வந்தது’ என்பதே பதில், அது நிஜமாகவும் இருக்க வேண்டும்.

ஒரே செலவு இரண்டு முறை வருகிறதா என்பதை மட்டும் எல்லாக் கிளைம்களிலும் பாருங்கள்:

```
=COUNTIFS(A:A,A2,C:C,C2,D:D,D2)
```

1-க்கு மேல் வந்தால் திறந்து பாருங்கள். உதாரணமாக, ஒரே நாளில் இருவர் 640 டாக்சி போட்டிருக்கிறார்கள், இருவரும் ஒரே வாடிக்கையாளரைப் பார்க்கப் போனவர்கள். தனித்தனி டாக்சியாகவும் இருக்கலாம், ஒருவர் கட்டியதை இருவரும் போட்டதாகவும் இருக்கலாம். கேட்பது இப்படி இருக்கட்டும்: "இந்த இரண்டும் ஒரே பயணம் போலத் தெரிகிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்." தவறு என்றால் பெரும்பாலானவர்கள் அந்தக் கணமே ஒன்றை ரத்து செய்வார்கள். அதோடு விடுங்கள். அதே ஆளிடம் மறுபடி மறுபடி வந்தால் அப்போது அது வேறு பேச்சு. தனியறையில், தாளை முன்னால் வைத்துப் பேச வேண்டியது.

கூட்டாகச் சாப்பிட்ட பில்லுக்குத் தனியாக ஒரு விதி தேவை: மேசையில் இருப்பவர்களில் பதவியில் மூத்தவர்தான் பில் கட்ட வேண்டும். இளையவர் கட்டி, கூடச் சாப்பிட்ட மேலாளரே கையெழுத்துப் போட்டால், அங்கே சரிபார்க்கும் ஆள் என்று யாருமே இல்லை.

படி 5: பணம் கொடுக்கும் தேதியையும் விதியில் எழுதுங்கள்

கிளைம் போட ஊழியருக்குக் கெடு வைப்பவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்வதில்லை. கிளைம் வந்து ஏழு வேலை நாட்களில் பணம் என்று எழுதி, அதன்படி நடங்கள். இரண்டு மாதம் கைக்காசு போட்டுக் காத்திருந்தவர், அடுத்த முறை ‘வட்டி’ சேர்த்து எழுதுவதில் தப்பே இல்லை என்று நினைப்பார். ஒருவர் மனத்தில் அந்தக் கணக்கு தொடங்கிவிட்டால் எந்த ரசீதும் அதைத் தடுக்காது.

மூன்று மாதம் கழித்துப் படி 1-இல் போட்ட அதே மூன்று சூத்திரங்களை மறுபடி ஓட்டுங்கள். குவியல் கரைந்திருந்தால் விதி வேலை செய்கிறது. டாக்சியில் குறைந்து தொலைந்த ரசீதுப் படிவங்களில் ஏறியிருந்தால், அவற்றில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள். பெரும்பாலும் தினப்படியில் நீங்கள் சேர்க்க மறந்த ஒரு செலவு அங்கே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும்.