ஈரம் வந்தால் உறுமிய நியான் போர்டு

என் கடை நியான் போர்டு வெயில் நாளில் ஒழுங்காக எரியும். மழை தூறினாலோ பனி இறங்கினாலோ டிரான்ஸ்பார்மர் 'ர்ர்ர்' என்று உறுமும், எழுத்துகள் துடிக்கும். டிரான்ஸ்பார்மர்தான் போய்விட்டது என்று நினைத்து மாற்றினேன். அடுத்த ஈர இரவிலேயே அதே உறுமல்.

அன்று மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தேன். டியூபோடு சேரும் இடத்தில், கேபிள் முனையின் மேல் ஊதா நிறத்தில் மெல்லிய பொறி ஊர்ந்துகொண்டிருந்தது. அங்கே படிந்த தூசியும் புகைக்கரியும் ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் இரும்புச் சட்டத்துக்குக் கசிய வழி கொடுத்திருக்கின்றன. காய்ந்ததும் அந்த வழி அடைபட்டுவிடும். பகலில் சோதித்தபோதெல்லாம் குறை தெரியாமல் போனது இதனால்தான்.

அந்த முனையில் பல ஆயிரம் வோல்ட் இருக்கும், உயிரை எடுத்துவிடும். ஆகவே நியான் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்தேன். அவர் மெயினை அணைத்துப் பூட்டி, முனைகளை எர்த்தோடு தொட்டுப் பார்த்த பிறகே கை வைத்தார். முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டார். ஒன்றில் மட்டும் மரக்கிளை மாதிரி கருங்கோடு போகவே இல்லை. இன்சுலேஷனே கரியாகிவிட்டால் துடைத்துப் பயனில்லையாம். அந்தத் துண்டை வெட்டியெறிந்து, நல்ல பகுதியில் புது முனை எடுத்து, சிலிக்கோன் உறை மாட்டினார். கேபிள் சட்டத்தில் உரசாதபடி தள்ளியும் கட்டினார்.

அடுத்த மழையில் பொறியும் இல்லை, துடிப்பும் இல்லை. கழற்றி வைத்த பழைய டிரான்ஸ்பார்மரையும் மாட்டிப் பார்த்தோம், நன்றாகவே எரிந்தது.