'ம்' நீக்கும்போது 'கரும்பு' சிதையாமல் இருக்க

டர்பனில் பதிவான தமிழ் நேர்காணல் ஒன்றின் எஸ்.ஆர்.டி. கோப்பு இது. பேட்டியாளர் இடையிடையே 'ம்' கொட்டியதால் பாட்டியின் ஒரே பேச்சு மூன்று துண்டாகியிருந்தது:

```
00:04:12,300 --> 00:04:15,100
அது வந்து, எங்க தாத்தா
00:04:15,100 --> 00:04:15,900
ம்
00:04:15,900 --> 00:04:19,400
கரும்புத் தோட்டத்துல, யூ நோ, வேல செஞ்சாரு
```

பைத்தானின் `re`-யில் `\bம்\b` என்று தேடி நீக்கினால் தனி 'ம்' அகப்படாது. 'கரும்பு' மட்டும் 'கருபு' ஆகிவிடும். புள்ளியையும் உயிர்க்குறிகளையும் அது எழுத்தாகவே எண்ணாததால், சொல்லின் நடுவிலும் எல்லை இருப்பதாகக் கொள்கிறது. இடைவெளியை எல்லையாக்கினால் சரியாகும்:

```
(?<!\S)ம்(?=[\s,.…]|$)
```

எதையும் நீக்குமுன் ஒவ்வொரு துண்டிலும் பேசியவர் பெயரை இட வேண்டும். இல்லாவிட்டால் எந்த 'ம்' யாருடையது என்று பிறகு தெரியாது. கேள்விக்குப் பதிலாக வரும் 'ம்' சம்மதம், அதைத் தொடக்கூடாது.

பிறகு 'அது வந்து', 'யூ நோ' போன்ற இடைச்சொற்களையும் நீக்கி, ஒருவரின் அடுத்தடுத்த துண்டுகளைச் சேர்த்து, முதல் துண்டின் தொடக்கத்தையும் கடைசித் துண்டின் முடிவையும் வைத்தேன்:

```
[00:04:12,300 --> 00:04:19,400] பாட்டி: எங்க தாத்தா கரும்புத் தோட்டத்துல வேல செஞ்சாரு.
```

'அது வந்து' போனாலும் தொடக்க நேரத்தை நகர்த்தவில்லை. சொல்வாரியான நேரம் கோப்பில் இல்லாதபோது நகர்த்துவது வெறும் ஊகம். நீக்கிய துண்டின் நேரத்தை அடுத்தவற்றிலிருந்து கழிப்பது அதைவிட மோசம்: ஒலி வெட்டப்படவில்லை, ஆகவே பிழை கூடிக்கொண்டே போகும். கோப்பின் கடைசிப் பேச்சை ஒலியோடு ஒட்டிக் கேட்டால் உடனே தெரிந்துவிடும்.