பட்டை கட்டுன மாதிரி தலைவலியா, மைக்ரேனா? மாத்திரை போடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

எனக்குப் பட்டை கட்டுன மாதிரி இறுக்குற டென்ஷன் தலைவலி, மைக்ரேன் ரெண்டும் வரும். ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் பண்ணி நாலு வருஷம் வீணாப் போச்சு, அதனாலதான் இதை எழுதுறேன்.

தைப்பூசத்தன்னைக்கு தென்னாப்பிரிக்கால, டர்பன்ல உம்கேனி ரோடு கோயிலுக்குக் காவடி பாக்கப் போயிருந்தேன். இங்க தைப்பூசம்னா நல்ல கோடை, புழுக்கம் வேற, காலைல இருந்து வெறும் வயிறு. மத்தியானம் பின்கழுத்து இறுகிப்போய் வலி மெதுவா மேல ஏறுச்சு. கழுத்துதானே, டென்ஷன் தலைவலினு முடிவு பண்ணி நெத்தி பூரா தைலத்தைத் தேச்சேன். அந்த வாசனையே குமட்டிடுச்சு, மூணு மணி நேரம் கழிச்சுப் போட்ட பாரசிட்டமாலும் வாந்தில வெளிய வந்துடுச்சு.

நான் சறுக்குனது கழுத்துலதான். கழுத்து வலிச்சா டென்ஷன், ஒரு பக்கம் வலிச்சா மைக்ரேன்னு நினைச்சுட்டு இருந்தேன். மைக்ரேன்லயும் கழுத்து பிடிக்கும், ரெண்டு பக்கமும் வலிக்கும். அதனால வலி எங்க இருக்குங்கிறதை விட்டுட்டு, இந்த மூணைக் கேளுங்க: குமட்டுதா? வெளிச்சம் கண்ணைக் குத்துதா? வேலையப் போட்டுட்டுப் படுக்கணும்போல இருக்கா? மூணுல ரெண்டுக்கு ஆமான்னா பெரும்பாலும் மைக்ரேன்தான். சந்தேகமா இருந்தா மாடிப்படிய நினைச்சுப் பாருங்க. எங்க ஃப்ளாட் மூணாவது மாடி, மைக்ரேன் அன்னைக்கு ஒவ்வொரு படிக்கும் தலை விண்ணு விண்ணுனு தெறிக்கும். டென்ஷன் தலைவலியோட தாராளமா ஏறிடுவேன், தலையைச் சுத்தி இறுக்கமா துண்டு கட்டுன மாதிரி அழுத்தம் இருக்கும், அவ்வளவுதான், குமட்டாது.

டென்ஷன்னா வேலை சுலபம். கரண்ட் போன ராத்திரில போன் டார்ச்ச வச்சுக்கிட்டு லேப்டாப் மேல குனிஞ்சே உக்காந்திருந்தா எனக்கு அடுத்த நாள் இதுதான் வரும். வெந்நீர்ல நனைச்ச துண்டைப் பிழிஞ்சு கழுத்துல ஒரு கால்மணி நேரம் வைங்க, தோளைத் தளர்த்தி ஒரு சின்ன நடை போயிட்டு வாங்க. தைலம் இதுக்கு ஓகே. அப்பவும் அடங்கலைன்னா ஒரு பாரசிட்டமால்.

மைக்ரேன்னா முக்கியமான விஷயம் நேரம். "பாப்போம், தானா போகுதானு" காத்திருந்ததுதான் என்னோட தப்பு. மைக்ரேன் வந்தா வயிறும் மந்தமாயிடும், உள்ள போன மாத்திரை குடலுக்குப் போகாம வயித்துலயே கிடக்கும். அதனால வலி இன்னும் லேசா இருக்கும்போதே, முதல் அரைமணி நேரத்துக்குள்ள போட்டுடுங்க. நான் போடுறது ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், ரெண்டு பிஸ்கட், ஒரு டம்ளர் தண்ணியோட. அல்சர், கிட்னி கோளாறு, ஆஸ்துமா உள்ளவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க இதைத் தொடாதீங்க, பார்மசில கேட்டுக்கோங்க. பாரசிட்டமால்னா பெரியவங்களுக்கு 500 மில்லிகிராம்ல ரெண்டு, திரும்ப வேணும்னா குறைஞ்சது நாலு மணி நேரம் கழிச்சு, ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல கூடவே கூடாது. ஈரல் கோளாறு இருந்தாலோ ஒல்லியா இருந்தாலோ அதுவும் அதிகம்.

அப்புறம் திரையை இழுத்து விட்டுட்டுப் படுங்க, துணில சுத்துன ஐஸை நெத்தில வைங்க. ஐஸுக்குன்னு தனியா பேக் வாங்கலாம்தான், எனக்கு உறைஞ்ச பட்டாணிப் பாக்கெட்தான் பிடிக்கும், தலை வடிவத்துக்கு நல்லா வளையும். தூங்கிட முடிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. அடுத்த தடவை இப்படிச் செஞ்சப்போ ரெண்டு மணி நேரத்துல எழுந்து சோறு சாப்பிட்டேன்.

அப்டேட்: இங்க கடைல சில்லறையா விக்கிற தலைவலித் தூளைப் போடலாமானு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதுல ஆஸ்பிரின், பாரசிட்டமால், கஃபீன் மூணும் சேந்து இருக்கும், எப்பவாவது ஒண்ணுன்னா வேலை செய்யும். அதோட கூட தனியா பாரசிட்டமாலும் போட்டா ஒரே மருந்து ரெண்டு மடங்காயிடும், அதைப் பாத்துக்கோங்க. பிள்ளைங்களுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். இன்னொண்ணு, இந்தக் கலவைத் தூளை மாசத்துல பத்து நாளோ அதுக்கு மேலயோ தொடர்ந்து எடுத்தா, தூளே தலைவலிய உண்டாக்க ஆரம்பிச்சிடும். காலைல எந்திரிச்சதும் வலி, தூள் போட்டா விடும், மறுநாள் திரும்ப வரும்னு போச்சுன்னா அதுதான். காலண்டர்ல போட்ட நாளையெல்லாம் குறிச்சு வச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. வெறும் பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென்னா அந்தக் கணக்கு பதினைஞ்சு நாள்.

வீட்டு வைத்தியம் எதுவும் பாக்காம உடனே கிளம்ப வேண்டியது எப்போன்னா: ஒரே நிமிஷத்துல இடி விழுந்த மாதிரி வந்த வலி, காய்ச்சலோட கழுத்து விறைப்பு, வாய் கோணுறது, கை கால் தளர்றது, பேச்சு குழறுறது, தலைல அடிபட்டப்புறம் வர்ற வலி. இங்க ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போன்ல இருந்து 112. அம்பது வயசுக்கு மேல முதல்முதலா வர்ற புதுத் தலைவலிக்கும் கர்ப்பத்துல வர்ற கடுமையான வலிக்கும் அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க, தைலத்தைத் தேடிட்டு இருக்காதீங்க.