தாமதத்துக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம்: நான் எழுதிய விதம்

டீமில் ஒருவர் தொடர்ந்து தாமதம், வாயால் சொல்லியும் மாறவில்லை. கடிதத்தில் "அடிக்கடி", "பொறுப்பில்லாமல்" போன்ற சொற்களையே சேர்க்கவில்லை, வாக்குவாதம் அங்கேதான் தொடங்கும். வருகைப் பதிவில் இருந்ததை மட்டும் எழுதினேன்: "வேலை நேரம் காலை 9:00. வந்தது 3-ஆம் தேதி 9:25, 8-ஆம் தேதி 9:40. 9-ஆம் தேதி நேரில் பேசினோம். 17-ஆம் தேதி மீண்டும் 9:30." அனுமதி வாங்கிய நாள் ஒன்று தவறி உள்ளே வந்துவிட்டால் முழுக் கடிதமும் ஆட்டம் காணும், அதனால் முதலில் அவற்றைக் கழித்துவிட்டேன்.

அப்புறம் எதிர்பார்ப்பு: 9:00 மணிக்கு வேலையைத் தொடங்க வேண்டும், தாமதமானால் 8:45க்குள் மேலாளருக்கு போன், 30 நாள் கழித்து மறுபடி பார்ப்போம். விளைவுக்கு "கடும் நடவடிக்கை" என்று மிரட்டவில்லை; நிறுவன விதிப்படி அடுத்தது இறுதி எச்சரிக்கை, அதையே எழுதினேன். கையெழுத்து என்பது கடிதம் கிடைத்ததற்கு மட்டும்தான், ஒப்புக்கொண்டதாக ஆகாது என்ற வரியைப் பார்த்ததும் அவர் தயங்காமல் கையெழுத்துப் போட்டார்.