137-ஆம் ரசீது இரண்டு முறை

எங்கள் தெரு மாரியம்மன் கொடைக்கு வரவுக் கணக்கு எழுதும் வேலை இந்த ஆடியில் எனக்கு வந்தது. எக்செலில் வரவு 1,84,500 ரூபாய். கையிருப்பு 1,21,000, வங்கியில் 61,500; ஆக 2,000 குறைந்தது. பணத்தை வைத்திருந்த மாமாவின் முகம் வாடிவிட்டது. "நான் தொடவே இல்லப்பா" என்றார். அதைக் கேட்டபின் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணுவதை விட்டுவிட்டு ரசீது எண்களைப் பார்த்தேன். எல்லாப் புத்தகங்களுக்கும் தொடர் எண்தான், அதனால் ஓர் எண் ஒருமுறைதான் வர வேண்டும். எண்கள் இருந்த A பத்திக்குப் பக்கத்தில் இதைப் போட்டுக் கீழே இழுத்தேன்:

```
=COUNTIF(A:A,A2)
```

எல்லாம் 1. 137 மட்டும் இரண்டு இடத்தில் 2.

ஒரு வரியில் அப்பாவின் பெயர், இன்னொன்றில் மகன் பெயர். அதனால்தான் கண்ணில் படவில்லை. அடிக்கட்டையை எடுத்துப் பார்த்தேன்: ரசீது அப்பா பெயரில், பணம் மகனின் போனிலிருந்து. அடிக்கட்டையைப் பார்த்து ஒருமுறை, வங்கிப் பட்டியலைப் பார்த்து மறுமுறை நான்தான் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பும்போது மகன் குறிப்பில் ரசீது எண்ணையும் எழுதியிருந்தார்; அதனால்தான் இரண்டு வரியிலும் 137 வந்தது.

வரியை அழிக்கவில்லை. அழித்தால் மொத்தம் ஏன் மாறியது என்று பிறகு யாருக்கும் தெரியாது. கீழே -2,000 என்று ஒரு வரி சேர்த்து, "137 இருமுறை பதிவு" என்று காரணம் எழுதினேன். அப்புறம் முறையையும் மாற்றினேன்: பதிவது அடிக்கட்டையிலிருந்து மட்டும், வங்கிப் பட்டியல் டிக் அடிக்க மட்டும்.

அன்று மாலையே மாமா வீட்டுக்குப் போய் அடிக்கட்டையைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன்.