ஸ்ட்ரோக் சிடி: வெள்ளையெல்லாம் ரத்தக்கசிவு இல்லை, ‘நார்மல்’ என்றால் ஸ்ட்ரோக் இல்லை என்றும் இல்லை

கேஷுவாலிட்டிக்குப் புதிதாக டியூட்டி பார்க்க வருபவர்களில் நிறையப் பேர் தலை சிடியை ஒரு எளிய கணக்காக மனதில் வைத்திருப்பார்கள். வெள்ளையாகத் தெரிந்தால் ரத்தக்கசிவு, எதுவும் தெரியாவிட்டால் ஒன்றுமில்லை. முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாவது பாதியை நம்பினால், காப்பாற்றக்கூடிய ஒருவரை “சிடி நார்மல், காலையில் நியூரோ டாக்டர் பார்க்கட்டும்” என்று வார்டில் படுக்க வைத்துவிடுவீர்கள்.

காரணம் இதுதான். ரத்தம் குழாயை விட்டு வெளியே வந்து உறையும்போது ஹீமோகுளோபின் நெருக்கமாகச் சேர்ந்துகொள்வதால் எக்ஸ்ரேயை அதிகம் தடுக்கிறது. அதனால் கசிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிடியில் வெள்ளையாகத் தெரியும். சிடி அடர்த்தியை அளக்கும் HU அலகில் சொன்னால் சுமார் 50 முதல் 80. சுற்றியிருக்கும் மூளையின் சாம்பல் பகுதி 35-40 அளவில்தான் இருக்கும், ஆகவே பார்த்ததும் தெரிந்துவிடும். குழாய் அடைத்துக்கொண்டால் கதை வேறு. அங்கே புதிதாக எதுவும் வந்து சேர்வதில்லை. பட்டினி கிடக்கும் செல்கள் மெதுவாகத் தண்ணீரை இழுத்து வீங்குகின்றன, அவ்வளவுதான். தண்ணீர் ஒரு சதவீதம் கூடினால் அடர்த்தி ஏறக்குறைய 2-3 HU குறையும். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போவதில் ஆச்சரியமே இல்லை. நன்றாகக் கறுத்துப்போன பகுதியைத் தேடிக்கொண்டிருந்தால் மறுநாள் சிடியில்தான் கிடைக்கும், அதற்குள் மருந்து கொடுக்கும் நேரம் போயிருக்கும்.

ஒரு கற்பனைக் கேஸை வைத்துப் பார்ப்போம். காசிமேட்டைச் சேர்ந்த 62 வயதுக்காரர். காலை 5:45-க்கு டீ குடித்துக்கொண்டு நன்றாகப் பேசியிருக்கிறார். 6:15-க்கு மனைவி வந்து பார்த்தபோது கீழே விழுந்து கிடக்கிறார், வலது கை தூக்கவில்லை, பேச்சு வரவில்லை, கண் இரண்டும் இடது பக்கமே திரும்பி நிற்கின்றன. 108-ல் கொண்டுவந்தார்கள். சர்க்கரை 142, பிரஷர் 170/96. சர்க்கரையை முதலில் பார்க்காமல் விடுவதும் ஒரு தப்புதான், தாழ்சர்க்கரையிலும் அச்சு அசலாக இதே மாதிரி ஒரு பக்கம் விழும். 7:25-க்கு பிளெயின் சிடி ஆகிவிட்டது.

திரையில் முதலில் கண்ணில் படுவது மூளையின் ஆழத்தில், பேஸல் கேங்லியாவில், இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். “சார், பிளீடு, ரெண்டு பக்கமும்” என்கிறார் ஹவுஸ் சர்ஜன். அவசரப்பட வேண்டாம். வயதானவர்களுக்கு அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து படிவது சகஜம், பீனியலிலும் கோராய்டு பிளெக்ஸஸிலும்கூடப் படியும். அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், சுற்றிலும் வீக்கத்தின் கறுப்பு வளையம் இருக்காது, எதையும் தள்ளியிருக்காது. சந்தேகமாக இருந்தால் மவுஸை வைத்து அளந்து பாருங்கள். 100-ஐ நன்றாகத் தாண்டினால் அது பெரும்பாலும் சுண்ணாம்பு. இவருக்கு 130. இதை ரத்தம் என்று எழுதியிருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழியே அடைபட்டிருக்கும்.

சரி, ரத்தம் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் ‘நார்மல்’ என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியிடம் போவார்கள். ஆனால் வலது கை விழுந்து பேச்சும் போனவருக்கு இடது மூளையைத் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுவும் வழக்கமான WW 80 WL 40 விண்டோவில் அல்ல. விண்டோவின் அகலமான WW-ஐ 40-க்கோ 30-க்கோ இறக்கினால் சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் இடையிலான சிறு வித்தியாசம் பெரிதாகத் தெரியும். இறக்கிப் பார்த்ததும் வலது பக்கம் இன்சுலாவின் ஓரத்தில் பளிச்சென்று ஓடும் சாம்பல் பட்டை, இடது பக்கம் காணோம். அதற்கு உள்ளே லென்டிஃபார்ம் நியூக்ளியஸின் விளிம்பு, வெள்ளைத் துணியில் பட்ட கறையைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தது போல, மங்கிக் கிடக்கிறது.

அப்புறம் அடிப்பகுதியின் மெல்லிய துண்டுகள். தடிமனான 5 மில்லிமீட்டர் துண்டுகளை மட்டும் புரட்டினால் இதைத் தவறவிடுவீர்கள். இடது நடுமூளைத் தமனியின் தண்டு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது: 58 HU, வலது பக்கம் 40. வெள்ளைதான், ஆனால் குழாய்க்கு வெளியே கசிந்த ரத்தம் இல்லை, குழாய்க்குள் அடைத்துக்கொண்டிருக்கும் கட்டி. இரண்டு பக்கக் குழாய்களும் சம அளவில் வெள்ளையாக இருந்தால் அதற்கு மதிப்பில்லை. சுவரில் சுண்ணாம்பு இருந்தாலோ, உடம்பில் நீர் வற்றி ரத்தம் கெட்டியாக இருந்தாலோ அப்படித் தெரியலாம். ஒரு பக்கம் மட்டும், அதுவும் அறிகுறியோடு ஒத்துப்போகும் பக்கத்தில் என்றால்தான் கணக்கில் எடுக்கலாம். இன்னொரு சின்ன உதவி, கண்விழிகளையும் பாருங்கள். நோயாளியிடம் பார்த்தது போலவே படத்திலும் இரண்டு லென்ஸும் இடது பக்கம் ஒதுங்கியிருக்கும். பெரிய அடைப்பில் கண் பெரும்பாலும் பாதிக்கப்பட்ட மூளைப் பக்கமே திரும்பும்.

இனி கடிகாரம். மனைவி பார்த்த 6:15 அல்ல, கடைசியாக நன்றாக இருந்த 5:45-லிருந்துதான் கணக்கு. நாலரை மணி நேரம் என்றால் 10:15 வரை. தடை எதுவும் இல்லையென்றால் ஊசியைத் தொடங்க வேண்டும், அதுவும் 10:15 வரை இருக்கிறதே என்று தள்ளாமல் உடனே. கூடவே கழுத்திலிருந்து தலை வரை சிடி ஆஞ்சியோ எடுத்து அடைப்பின் இடத்தை உறுதி செய்து, கட்டியை இழுத்து எடுக்கும் வசதியுள்ள கேத் லேபுக்குச் சொல்ல வேண்டும். ஆஞ்சியோ முடியட்டும் என்று ஊசியை நிறுத்தி வைக்கக் கூடாது.

ரத்தக்கசிவு பக்கமும் ஏமாற்றும், ஆனால் அந்தச் சந்தர்ப்பங்கள் குறைவு. கடுமையான ரத்தசோகை இருந்தால், நம்மூரில் அது அபூர்வமில்லை, புது ரத்தமும் எதிர்பார்த்த அளவு வெளுப்பாக இருக்காது. மண்டை ஓட்டை ஒட்டிய மெல்லிய கசிவு எலும்பின் வெளுப்போடு கலந்துவிடும், அதற்கு WW-ஐ 200 அளவுக்கு ஏற்றிப் பார்க்க வேண்டும்.

ஆவடியிலோ தாம்பரத்திலோ ஸ்கேன் சென்டரில் எடுத்த ஃபிலிமை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பி “சார், பிளாக் இருக்கா?” என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் பெரிய பிளீடு தெரியும், அவ்வளவே. மேலே சொன்ன மங்கல் எதுவும் ஃபிலிமில் ஒரே விண்டோவில் அச்சாகி, டியூப்லைட் வெளிச்சத்தில் போட்டோ எடுக்கப்பட்ட பிறகு மிச்சமிருக்காது. ஸ்கேனைப் பதிவு செய்த டிஸ்க்கையோ, DICOM ஃபைலையோ கேளுங்கள்.

வீட்டிலோ பக்கத்து கிளினிக்கிலோ ‘ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு’ என்று ஆஸ்பிரின் போட்டு அனுப்புவதும் நடக்கிறது. ஹார்ட் அட்டாக்குக்குக் கொடுக்கிறார்களே என்ற நினைப்பு. கை கால் விழுந்ததை வைத்து கசிவா அடைப்பா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆகவே சிடி வரும் வரை ஆஸ்பிரின் வேண்டாம்.

கடைசியாக மூளையின் பின்பகுதி. தலைசுற்றல், வாந்தி, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வது என்று வருபவரின் சிடி பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும், ஏனென்றால் காதுகளுக்குப் பக்கத்திலுள்ள கெட்டியான எலும்பு இரண்டுக்கும் நடுவே மூளைத்தண்டின் மேல் கறுப்புக் கோடுகள் விழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். அங்கே கறுப்பைப் பார்த்து இன்ஃபார்க்ட் என்று எழுதுவதும் தப்பு, ஒன்றுமில்லை என்று வாந்தி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதும் தப்பு. பேசிலர் தமனி வெள்ளைப் புள்ளியாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, எழுப்பி நடக்க வைத்துப் பாருங்கள். தனியாக நிற்க முடியாதவரை சிடி என்ன சொன்னாலும் அட்மிட் செய்து எம்ஆர்ஐக்கு அனுப்ப வேண்டும்.