அலிபேயில் நம் ஊர் கார்டு: எந்தத் திரையில் எங்கே தவறுகிறோம்

ஏப்ரலிலும் அக்டோபரிலும் சீனாவின் குவாங்சோவில் நடக்கும் கான்டன் வணிகச் சந்தைக்குக் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து போகிற கடைக்காரர்கள் உண்டு. அங்கே டீக்கடை முதல் டாக்சி வரை க்யூஆர் கோடுதான். அந்தக் கோடை ஸ்கேன் செய்து பணம் செலுத்த உதவும் சீனச் செயலி அலிபே. வெளிநாட்டுக் கார்டை அதில் இணைத்துக்கொள்ளலாம். ஆனால் பலருக்கு அந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. கோளாறு செயலியில் இருப்பது அரிது. ஒவ்வொரு திரையும் என்ன கேட்கிறது என்பது புரியாமல் போவதுதான் சிக்கல்.

முதல் தவறு ஊரிலேயே நடந்துவிடுகிறது. நம் பக்கத்துக் கூட்டுறவு வங்கிகள் தருவது பெரும்பாலும் ரூபே கார்டு. அலிபே அதை ஏற்காது. விசா, மாஸ்டர்கார்டு போன்றவை வேண்டும். அந்தக் கார்டு கையில் இருந்தாலும் போதாது. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரப்படும் கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். ஆன்லைன், வெளிநாடு இரண்டையும் வங்கிச் செயலிக்குள் போய் நாமேதான் திறந்துவிட வேண்டும். வெளிநாட்டை மட்டும் திறந்துவிட்டு ஆன்லைனை மறந்தால் கார்டு இணையாது. அலிபேயில் கார்டு இணைப்பது ஆன்லைன் கணக்கில்தான் சேரும். அப்புறம், ஓடிபி வருகிற சிம்முக்கு ரோமிங் போட்டுவிட்டே விமானம் ஏற வேண்டும். அங்கே போய் உள்ளூர் சிம் வாங்கிக்கொண்டாலும், வங்கிக்குத் தெரிந்தது பழைய எண் மட்டும்தான்.

அடுத்தது பெயர். தமிழர்களாகிய நமக்கு இது தனித் தலைவலி. கார்டில் ‘எஸ் முருகேசன்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து, குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். அலிபேயில் இரண்டு இடத்தில் பெயர் கேட்பார்கள், இரண்டும் ஒன்றல்ல. 实名认证 என்று தலைப்பிட்ட திரை அடையாளச் சரிபார்ப்பு. அங்கே பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத வேண்டும்: 姓 என்ற பெட்டியில் குடும்பப் பெயர், 名 என்ற பெட்டியில் நம் பெயர். எது எது என்று குழப்பமாக இருந்தால் பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இருக்கும் இரண்டு வரிகளில் முதலாவதைப் பாருங்கள். `P<IND` என்பதை அடுத்து வருவது குடும்பப் பெயர், `<<` குறிக்குப் பிறகு வருவது நம் பெயர். ஆனால் 添加银行卡, அதாவது கார்டு சேர்க்கும் திரையில், கார்டின் மேல் அச்சடித்திருக்கும் பெயரையே எழுத வேண்டும், இனிஷியலோடு. இரண்டு இடத்திலும் ஒரே பெயரைப் போட்டுவிட்டு, ‘பாஸ்போர்ட் சரியில்லை என்கிறானே’ என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய.

எண்கள் கேட்கும் இடம்தான் எல்லாவற்றிலும் மோசம். போன முறை பம்பு கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி குவாங்சோ ஓட்டலிலிருந்து கூப்பிட்டார். “அண்ணா, ஆறு நம்பர் கேக்குது. அரை மணி நேரமாப் பாக்கறேன், மெசேஜே வரல.” திரையை இன்னொரு போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மேலே 设置支付密码 என்று இருந்தது. அந்தத் திரைக்கு எந்த மெசேஜும் வராது. பணம் செலுத்தும்போது போட வேண்டிய ஆறு இலக்கக் கடவுச்சொல்லை நீங்களே புதிதாக உருவாக்குங்கள் என்றுதான் அது கேட்கிறது. நம் யூபிஐ பின் மாதிரி. ஏடிஎம் பின்னை அங்கே போடவே கூடாது.

பார்த்துப் பழக வேண்டியவை இரண்டே சொற்கள். 验证码 என்று இருந்தால் போனுக்கு எஸ்எம்எஸ் வரும், அதில் உள்ள எண்ணைப் போட வேண்டும். 支付密码 என்று இருந்தால் எதுவும் வராது, நாம் வைத்த கடவுச்சொல்தான். 验证码 என்ற திரையிலும் ஒன்று கவனிக்க வேண்டும். அலிபே அனுப்பும் எண் வேறு, நம் வங்கி அனுப்பும் ஓடிபி வேறு. மெசேஜின் தலைப்பையும், வங்கி அனுப்பியதானால் அதில் எழுதியிருக்கும் தொகையையும் படித்துவிட்டே போடுங்கள்.

செயலியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அலிபேக்குள் திறக்கும் டாக்சி, சைக்கிள், உணவகச் சிறு செயலிகள் பல சீன மொழியிலேயே இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழித் தொகுப்பை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டல் வைஃபையில் கூகுள் திறக்காது.

இங்கே பாங்கில் மலையாளப் படிவம் தந்தால் நாலு பேரிடம் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறோம். போனில் மட்டும் பெரிய நீல பட்டனைக் கண்டதும் அழுத்திவிடுகிறோம். அந்த நீல பட்டனில் 确认付款 என்று இருந்தால் ‘பணம் செலுத்துவதை உறுதி செய்’, சரி. 开通 என்று இருந்தால் நிறுத்துங்கள். அது ஏதோ ஒரு சேவையைத் தொடங்கிவைக்கும் பட்டன். முக்கியமாக 免密支付 என்ற நாலு எழுத்து அருகில் இருந்தால், இனிமேல் அந்த நிறுவனம் கடவுச்சொல் கேட்காமலே பணம் எடுத்துக்கொள்ள அனுமதி தருகிறோம் என்று பொருள். வாடகைச் சைக்கிளுக்கு அது தேவைப்படலாம், உணவகத்துக்கு எதற்கு? வேண்டாம் என்றால் 取消 அல்லது 暂不, பெரும்பாலும் மங்கலான சிறிய எழுத்தில் இருக்கும். தெரியாமல் கொடுத்திருந்தால் அமைப்புகளில் 支付设置 என்ற பகுதிக்குள் போய் ரத்து செய்யலாம்.

உறுதி செய்யும் திரையில் தொகையையும் படியுங்கள். வெளிநாட்டுக் கார்டுக்கு 200 யுவான் வரை அலிபே கட்டணம் வாங்குவதில்லை. அதைத் தாண்டினால் மொத்தத் தொகைக்கும் 3 சதவீதம். 240 யுவான் சாப்பாட்டு பில்லை எடுத்துக்கொள்வோம், கணக்குக்காக ஒரு யுவான் 12 ரூபாய். கட்டணம் 7.20 சேர்ந்து 247.20 யுவான், அதாவது 2,966 ரூபாய். நம் வங்கி 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம் வைத்தால் 104 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 19 ரூபாய். மொத்தம் 3,089. அதே பில்லை 120, 120 என்று இரண்டாகப் போடக் கடைக்காரர் சம்மதித்தால் அலிபே கட்டணம் விழாது, 2,999 ரூபாயோடு முடியும். கடைக்காரருக்கு மனமில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம், 90 ரூபாய் விஷயம்தான்.

கார்டு இணைந்துவிட்டது என்பதற்காகப் பணம் போய்விடும் என்றில்லை. சீனாவிலிருந்து வரும் முதல் பரிவர்த்தனையைச் சந்தேகப்பட்டு வங்கியே தடுக்கலாம். அதனால் இறங்கியதும் தண்ணீர் பாட்டில் மாதிரி சின்னதாக ஒன்று வாங்கிப் பாருங்கள். 支付成功 என்று வந்தால் முடிந்தது. 支付失败 என்றால் போகவில்லை, வங்கியைக் கூப்பிட வேண்டும். 处理中 என்று வந்தால் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அப்போது மறுபடி ஸ்கேன் செய்யக் கூடாது. வங்கியிலிருந்து பணம் பிடித்த மெசேஜ் வந்திருந்தும் கடைக்காரர் வரவில்லை என்று தலையாட்டினால், செயலியில் 账单 என்ற பில் பட்டியலைத் திறந்து அவரிடமே காட்டுங்கள். அதில் வெற்றி என்று பதிவாகியிருந்தால் அவர் தன் போனைப் பார்த்துக்கொள்வார். பதிவாகவில்லையென்றால் வங்கி பிடித்து வைத்திருக்கும் பணம் சில நாளில் திரும்பும், அந்தப் பில்லை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வெளியே வரலாம்.